ஒரிஜினல்தான், ஆனால் கம்பெனி வாரண்டி உண்டா? வாட்ச் வாங்குபவருக்குக் கிரே மார்க்கெட் விளக்கம்

கிரே மார்க்கெட் வாட்ச் என்று சொன்னால் பாதிப் பேர் டூப்ளிகேட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர், "அதே வாட்ச்தான், டீலர் கொள்ளை லாபம் வைக்கிறான், இவன் வைக்கவில்லை" என்கிறார்கள். முதல் கருத்து தவறு. இரண்டாவது கருத்து பாதிதான் சரி. அதே வாட்ச் என்பது உண்மைதான், ஆனால் அதோடு வரும் காகிதம் அதேதானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் பணத்தை இழப்பது பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான்.

## ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் நடுவில்

துபாயிலிருந்து மாமா ஒரு போன் வாங்கி வருகிறார். பெட்டியைப் பிரிக்காத புத்தம்புது போன். ஆறு மாதத்தில் அது கெட்டுப்போக, இங்குள்ள சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், "இந்தியாவில் வாங்கிய பில் இருக்கா சார்?" என்று கேட்கிறார்கள். போன் போலி என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த விற்பனைக்கு இந்தியக் கிளை பொறுப்பேற்கவில்லை என்கிறார்கள். வாட்ச் விஷயத்திலும் கேள்வி இதுதான். ஆனால் வாட்சில் நாட்டைவிட, முதலில் விற்ற கடை எது என்பதே முக்கியம்.

ஒரு பிராண்டின் வாட்சுகளை விற்க அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் கடைக்கு ஆத்தரைஸ்டு டீலர் என்று பெயர். கடையின் தோற்றம், எத்தனை சரக்கு எடுக்க வேண்டும், எவ்வளவு தள்ளுபடி தரலாம், யாருக்கு விற்கக் கூடாது என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். ஒப்பந்தம் இல்லாமல், கம்பெனி தயாரித்த அசல் வாட்சையே விற்பவர் கிரே மார்க்கெட் விற்பனையாளர். 'ஃபர்ஸ்ட் காப்பி' விற்பவர் இந்த இரண்டிலும் சேர மாட்டார். அது போலிச் சரக்கு, நேரடிக் குற்றம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

## டீலரைவிடக் குறைந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது

வாட்ச் கம்பெனிகள் டீலருக்குத் தரும் லாப விளிம்பு பெரியது. கூடவே, இத்தனை வாட்ச் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். ஓடும் மாடலோடு ஓடாத மாடலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். ஆண்டு முடிவில் விற்காத சரக்கு ஷெல்ஃபில் தங்கினால், டீலரின் பணம் அதில் முடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டியில் பெரிய தள்ளுபடி போட்டு விற்றால் கம்பெனி கோபிக்கும். அதனால் சில டீலர்கள் அந்தச் சரக்கைப் பின்வாசல் வழியாக மொத்தமாக ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிடுவார்கள். நாட்டுக்கு நாடு விலையும் வரியும் வேறுபடுவதால், மலிவான நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்பவர்களும் உண்டு.

இதில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சுவிஸ் வாட்ச் கம்பெனி ஒமேகாவும் அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைத்தொடர் காஸ்ட்கோவும். ஒமேகா தன் வாட்சுகளை அமெரிக்காவுக்கு வெளியே இருந்த விநியோகஸ்தர்களுக்கு விற்றது. அங்கிருந்து யாரோ வாங்கி, நியூயார்க் கம்பெனி ஒன்றின் வழியாகக் காஸ்ட்கோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பட்டியல் விலை 1,995 டாலர் இருந்த ஒமேகாவின் சீமாஸ்டர் மாடலைக் காஸ்ட்கோ 1,299 டாலருக்கு விற்றது. வாட்ச் அசல் என்பதால், போலி என்று ஒமேகாவால் வழக்குப் போட முடியவில்லை. எனவே வாட்சின் முதுகில் சின்னஞ்சிறிய ஒரு பூகோளச் சித்திரத்தைப் பொறித்து, அதற்குப் பதிப்புரிமை பெற்று, அந்த உரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்தது. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்தது. கடைசியில் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்ட்கோ பக்கம் தீர்ப்பளித்தது.

கம்பெனி முதல் முறை விற்றுவிட்ட பிறகு, அந்தப் பொருள் யார் கைக்குப் போகிறது என்பதைத் தடுப்பது கடினம் என்பதே இதன் பொருள். ஆனால் அந்தக் கைமாறிய வாட்சுக்கும் ஒமேகா வாரண்டி தர வேண்டும் என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. விற்கும் உரிமை வேறு, வாரண்டிப் பொறுப்பு வேறு.

இந்தியாவிலும் இதே நிலைதான். 2012-இல் சாம்சங் பிரிண்டர்கள் பற்றிய வழக்கில், வெளிநாட்டிலிருந்து அசல் சரக்கை இறக்கி விற்பதை டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. இது இறக்குமதிச் சரக்கு, தயாரிப்பாளரின் வாரண்டியும் சர்வீஸும் இதற்குக் கிடையாது, அவற்றைத் தருவது நாங்களே என்று கடைக்காரர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். வாட்ச் விற்கும் எத்தனை கடைகளில் அப்படி ஒரு பலகையைப் பார்க்க முடிகிறது என்பது வேறு கதை.

கிரே என்றாலே மலிவு என்பதும் ஒரு தப்பெண்ணம். டீலரிடம் காத்திருப்புப் பட்டியலில் கிடக்கும் ரோலெக்ஸ் டேட்டோனா போன்ற மாடல்கள் கிரேயில் பட்டியல் விலையைவிடக் கூடுதலாக விற்கும். அங்கே நீங்கள் தள்ளுபடிக்காகப் போவதில்லை, காத்திருக்காமல் இருப்பதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: கிரே வாட்ச் போலி அல்ல, அதை விற்பதும் பெரும்பாலும் சட்டவிரோதம் அல்ல. ஆனால் கம்பெனிக்கும் அந்தக் கடைக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

## வாரண்டி கார்டில் என்ன எழுதியிருக்கிறது

வாட்ச் அசலாக இருந்தால் வாரண்டி தானாக வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஆத்தரைஸ்டு டீலர் இன்ன தேதியில் இன்ன சீரியல் நம்பர் வாட்சை விற்றார் என்ற பதிவைத்தான் வாரண்டி சார்ந்திருக்கிறது. ஒமேகா போன்ற கம்பெனிகள் தங்கள் விதிமுறையிலேயே, கார்டு முழுமையாக நிரப்பப்பட்டு, தேதியிட்டு, டீலரின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கின்றன. இன்று பல பிராண்டுகளில் காகிதமே இல்லாமல், டீலர் கணினியில் பதிவேற்றும் நிமிடத்தில் வாரண்டி உயிர்பெறுகிறது.

கிரேயில் வரும் வாட்சின் கார்டு பொதுவாக நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, டீலர் முத்திரையும் தேதியும் போட்ட கார்டு. டீலர் யாரோ ஒருவருக்கு விற்றதாகப் பதிவு செய்துவிட்டு, சரக்கை வியாபாரிக்குக் கொடுத்திருப்பார். கிரேயில் கிடைப்பதிலேயே நல்ல நிலை இதுதான். பெரிய சுவிஸ் பிராண்டுகள் பலவற்றில் வாரண்டி வாட்சைத் தொடர்ந்தே போகும். முதலில் வாங்கியவர் நீங்கள்தானா என்று துருவுவதில்லை. சில கம்பெனிகள் மட்டும் முதல் பில்லையும் கேட்கும். ஆனால் கணக்கு தொடங்கியது நீங்கள் வாங்கிய நாளில் அல்ல, கார்டில் உள்ள நாளில். இரண்டு வருட வாரண்டி உள்ள ஒரு வாட்சின் கார்டில் 2024 மார்ச் 10 என்று இருக்கிறது, நீங்கள் 2025 மே 10 அன்று வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மிச்சம் 10 மாதம்தான். ரோலெக்ஸ், ஒமேகா போல ஐந்து வருடம் தரும் பிராண்டாக இருந்தால் இதே 14 மாத இழப்பு பெரிதாகத் தெரியாது.

இரண்டாவது, முத்திரை இருக்கும், தேதி இருக்காது. வியாபாரத்தில் இதை ஓப்பன் கார்டு என்பார்கள். "உங்க இஷ்டத்துக்குத் தேதி போட்டுக்குங்க" என்று இதை ஒரு சலுகை போலச் சொல்வார்கள். நம்பாதீர்கள். விற்பனையைக் கம்பெனி தன் கணினியில் சரிபார்க்கும் பிராண்டில், நீங்கள் கையால் எழுதும் தேதிக்கு மதிப்பில்லை. டீலர் ஒரு வருடம் முன்பே விற்றதாகப் பதிவு இருந்தால், உங்கள் கார்டு பொய் சொல்வதாகத்தான் அங்கே படும்.

மூன்றாவது, வெற்றுக் கார்டு. முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. கம்பெனி வாரண்டியைப் பொறுத்தவரை இது ஓர் அழகான அட்டை, அவ்வளவுதான்.

நான்காவது, கார்டே இல்லை. பெரும்பாலும் தொலைந்துபோனதால் அல்ல. எந்த டீலர் பின்வாசலில் விற்றார் என்பதைக் கார்டு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வேண்டுமென்றே எடுத்துவிடுவார்கள். இதே காரணத்துக்காக வாட்சின் முதுகில் உள்ள சீரியல் நம்பரையே சுரண்டி எடுப்பவர்களும் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சற்றுக் குழிந்தோ, சுற்றியுள்ள மெருகிலிருந்து மாறுபட்டோ தெரியும். அந்த வாட்சை மட்டும் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். சீரியல் இல்லாத வாட்சைப் பணம் கொடுத்தாலும் தொடாத கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் பல உண்டு. திருட்டு வாட்சுக்கும் இதற்கும் வித்தியாசம் காட்டவும் உங்களால் முடியாது.

## கடை வாரண்டி எதற்கு ஈடாகும்

"வாரண்டி இருக்கா?" என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் "இருக்கு சார்" என்றுதான் சொல்வார். கேட்க வேண்டியது, "கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா?" என்று. அமெரிக்காவின் ஜோமாஷாப் போன்ற பெரிய கிரே கடைகள் தங்கள் சொந்த வாரண்டி என்று வெளிப்படையாகவே எழுதுகின்றன. அது நேர்மையான ஏற்பாடு. ஆனால் மூன்று விஷயத்தில் அது கம்பெனி வாரண்டியிலிருந்து மாறுபடும்.

பழுது பார்ப்பது அந்தக் கடை வைத்திருக்கும் மெக்கானிக். அவருக்குக் கம்பெனியின் அசல் உதிரிபாகம் கிடைக்குமா என்பது பெரிய கேள்வி. சுவிஸ் கம்பெனிகள் பல, வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகம் விற்பதையே குறைத்துவிட்டன. அவர் திறந்த பிறகு, கம்பெனி வாரண்டி கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்தாலும் அதுவும் போய்விடும்.

இன்னொன்று தூரம். வெளிநாட்டுக் கடை என்றால் வாட்சை அங்கே அனுப்ப வேண்டும். கூரியர், காப்பீட்டுச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். பழுது பார்த்துத் திரும்பி வரும்போது, இது நம் பழைய வாட்ச்தான் என்று காட்ட அனுப்பியபோது எடுத்த சுங்க ஆவணங்கள் இல்லாவிட்டால், புதிய இறக்குமதி போலவே மறுபடியும் வரி கேட்கலாம்.

மூன்றாவது, கடையின் ஆயுள். கடை மூடினால் வாரண்டியும் மூடியது.

கம்பெனி வாரண்டியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தயாரிப்பில் நேர்ந்த குறைக்கு மட்டுமே அது. பேட்டரி, வார், கண்ணாடிக் கீறல், கீழே போட்டது, நேரம் திருத்தும் பக்கவாட்டுத் திருகான கிரவுனைச் சரியாக மூடாமல் தண்ணீர் புகுந்தது எதற்கும் டீலரிடம் வாங்கியிருந்தாலும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

## ஒரு கணக்கு

எண்களில் பார்த்தால் தெளிவாகும். விலைகள் வெறும் எடுத்துக்காட்டு. பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறி ஓடும் ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச், எம்.ஆர்.பி. 80,000 ரூபாய். கிரேயில் 62,000. "18,000 மிச்சம்" என்று மனம் கணக்குப் போட்டுவிடும். முதலில் டீலரிடம் தள்ளுபடி கேளுங்கள். நடுத்தர விலை பிராண்டுகளில் கேட்டால் ஏதாவது இறங்குவார்கள். 5 சதவீதம் குறைத்தாலும் 76,000. உண்மையான வித்தியாசம் 14,000 ஆகிறது.

இந்த வாட்சை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டு மூட 15,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தேதியிட்ட கார்டு, 10 மாதம் மிச்சம் என்றால், 14,000 மிச்சம் பிடிக்க 14 மாத வாரண்டியை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஒத்துக்கொள்ளக்கூடிய பேரம். கார்டே இல்லை, ஆறு மாதக் கடை வாரண்டி மட்டும் என்றால், ஒரே ஒரு சர்வீஸ் மொத்த மிச்சத்தையும் விழுங்கிவிடும். அந்த 62,000 உண்மையில் 77,000 ஆகிவிடக்கூடிய விலை. வெளிநாட்டுத் தளத்தில் பார்த்த விலையென்றால், சுங்கவரியையும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள். பல நேரம் மலிவு என்பதே அங்கே காணாமல் போகும்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அதன் உள் இயந்திரத்தையே மொத்தமாக மாற்றினாலும் பெரும்பாலும் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஆகவே சாதாரண குவார்ட்ஸை நம்பகமான கிரே கடையில் வாங்குவது என் கணக்கில் சரியே. நிறுத்துக்கடிகாரம் உள்ள ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபை வாங்குவது சரியல்ல. உள்ளே பாகங்கள் அதிகம், சர்வீஸ் செலவும் அதற்கேற்ப எகிறும்.

## பெட்டியைப் பிரித்தும் தெரியாத சிக்கல்கள்

கிரே சரக்கு பெரும்பாலும் விற்காமல் தேங்கிய சரக்கு. டீலரிடம் சில வருடம், பிறகு வியாபாரியின் கிடங்கில் சில வருடம். ஆட்டோமேட்டிக் வாட்ச் ஓடாமல் கிடந்தாலும் உள்ளே உள்ள எண்ணெய் முதுமை அடையும். புதிதாக வாங்கியதே சர்வீஸுக்குப் பாதி தூரம் வந்துவிட்டிருக்கும்.

குவார்ட்ஸில் வேறு சிக்கல். கிடங்கில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். விற்பதற்கு முன் கடைப் பையன் பின்மூடியைத் திறந்து புதிய பேட்டரி போடுவான். மூடியின் விளிம்பில் தண்ணீர் புகாமல் தடுக்கும் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. அதை முறுக்கியோ, கிள்ளியோ, எண்ணெய் தடவாமலோ மூடினால், மூடியில் 100 மீட்டர் என்று பொறித்திருந்தாலும் கை கழுவும் தண்ணீரே உள்ளே போகும். பின்மூடியின் பள்ளங்களில் கருவி வழுக்கிய கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். அதன் பிறகு பிரஷர் டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். அழுத்தத்தில் வைத்துக் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை அது.

இந்தியாவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் வாட்சைப் பறிமுதல் செய்தால், அது கடத்தியதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை வைத்திருந்தவர் மேல் விழும். வழக்கமாகக் குற்றத்தை நிரூபிப்பது அரசின் வேலை. இங்கே அது புரண்டுவிடுகிறது. "பில் வேண்டாம்னா அஞ்சாயிரம் குறைச்சுத் தரேன்" என்ற பேச்சில் நீங்கள் விற்பது உங்களுடைய ஒரே சாட்சியை.

## கடை ஆத்தரைஸ்டுதானா

கடை வாசலில் பிராண்ட் பெயர்ப் பலகை தொங்குவதை நம்பாதீர்கள். பிராண்டின் சொந்த இணையதளத்தில் கடை தேடும் பகுதி இருக்கும். அங்கே உங்கள் ஊரைப் போட்டால் வரும் பட்டியலில் அந்தக் கடையின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஒரே கடை ஒரு பிராண்டுக்கு டீலராகவும், பக்கத்து ஷெல்ஃபில் உள்ள இன்னொரு பிராண்டுக்குக் கிரே விற்பனையாளராகவும் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாகப் பாருங்கள். ஆன்லைன் சந்தைத் தளங்களில் தளத்தின் பெயர் எதையும் சொல்லாது. `Sold by` என்ற வரியில் உள்ள விற்பனையாளர் யார் என்பதே கேள்வி. நிறத்தையோ வாரையோ மாற்றிச் சொடுக்கினால் விற்பனையாளரும் மாறிவிடுவதுண்டு.

இந்தியாவுக்கு முறையாக இறங்கிய வாட்சின் பெட்டியில் ஒட்டுச்சீட்டு இருக்கும். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருடம் எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சீட்டு இல்லையென்றால் வாட்ச் வேறு வழியில் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், மாடல் எண், சீரியல் நம்பர் மூன்றும் இருக்கட்டும். கார்டில் உள்ள சீரியலை வாட்சில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். முடிந்தால் பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரிடம் வாரண்டி எதுவரை என்று கேளுங்கள்.

## கிரேயில்தான் வாங்குவது என்று முடிவு செய்தால்

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்த நாட்களுக்குள் வாட்சைச் சோதித்துவிடுங்கள். ஸ்டிக்கரைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்ற நிபந்தனை பல கடைகளில் உண்டு. அதனால் முதலில் ஸ்டிக்கரோடே சோதியுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் கிரவுனைத் திருகி முழுச் சாவி கொடுத்து, போனில் உள்ள நேரத்தோடு நொடி வரை பொருத்தி, மேசை மேல் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து எத்தனை நொடி தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். சாதாரண இயந்திரத்துக்கு நாளொன்றுக்கு 15, 20 நொடி இயல்பு. ஒரு நிமிடம் தள்ளியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். அப்படியே நிற்கும் வரை விட்டுவிடுங்கள். 80 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்லும் டிஸ்ஸோ பவர்மேட்டிக் 80 போன்ற வாட்ச், 55 மணியில் நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஈரம் ஏற்கெனவே புகுந்திருக்கிறதா என்று பார்க்க, அரை மணி கையில் கட்டி வெதுவெதுப்பாக்கி, கண்ணாடி மேல் ஐஸ் தண்ணீரில் ஒரு துளி வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்ததும் உட்பக்கம் பனி படிந்திருந்தால், பில்லை எடுத்துக்கொண்டு அன்றே கடைக்குப் போங்கள்.